சட்டைப்பையில் இருந்த சீட்டு

என் அக்கா ஒச்சாயியின் புருஷன் மலையாண்டி, அலங்காநல்லூர் பஸ்ஸில் கண்டக்டர். யார் எந்த நிறுத்தத்தில் இறங்குவார் என்பது வரை மனப்பாடமாக வைத்திருந்த மனுஷன். பதினைந்து வருஷம் சாராயம். தட்டில் சோறு காய்ந்து கிடக்கும், தொடமாட்டார். செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடப்பார். "காலு மரத்துப்போச்சு மாப்ள, எறும்பு ஊருறாப்ல இருக்கு" என்பார். நான் சிரிப்பேன். போதையில் உளறுகிறாராம்! மடப்பயல் நான்.

1984 சித்திரையில் ஒரு வாரம் ஓயாத வாந்தி. விளாங்குடியில் ஒரு தனியார் டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் ஒரு சீட்டு எழுதி என் கையில் கொடுத்தார். "இந்த பி-1 ஊசிய வாங்கிட்டு வாங்க. இத மொதல்ல போட்டுட்டுத்தான் குளுக்கோஸ்" என்றவர், வேறொரு நோயாளியைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். பக்கத்து மருந்துக்கடை பூட்டியிருந்தது. டவுனுக்குப் போகவேண்டும். மச்சானோ துவண்டு கிடந்தார். சத்து ஊசிதானே, நாளைக்கு வாங்கினால் குடியா முழுகிவிடும்? சீட்டைச் சட்டைப்பையில் திணித்தேன்.

"டாக்டர் ஏத்தச் சொல்லிட்டாருண்ணே" என்று கம்பவுண்டரிடம் சொன்னேன். இரண்டு பாட்டில் ஏறியது.

மறுநாள் அவர் கண்கள் நிலைகொள்ளாமல் ஆடின. அக்காளை இரண்டாகப் பார்த்தார். எழுந்து நின்றால் தள்ளாடினார், எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை. பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"குளுக்கோஸ் சக்தியா மாற பி-1 வைட்டமின் வேணும்மா. வருஷக்கணக்கா குடிச்சு, சாப்பிடாம, அது ஏற்கெனவே வத்திப்போச்சு. அந்த ஊசி போடாம ஏத்துனதால மிச்சமிருந்ததும் இந்தப் பாட்டிலுக்கே செலவாயிருச்சு, மூளை அடிபட்டுருச்சு" என்றார் அங்கிருந்த டாக்டர்.

"ஊசிய மொதல்ல போட்டிருந்தா?" அக்கா கேட்டாள்.

"இம்புட்டுக்கு வந்திருக்காதும்மா."

நான் சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டேன்.

வேளை தவறாமல் ஊசி போட்டார்கள். சில நாளில் கண் நிலைக்கு வந்தது. சுவரைப் பிடித்து நடந்தார். ஞாபகம் மட்டும் வரவில்லை. ஆவணியில் மகள் தங்கப்பொண்ணு கல்யாணத்தில் தாரைவார்த்தவர், மறுநாள் காலையில், "புள்ளைக்கு ஒரு மாப்பிள்ளை பாக்கணும்ல?" என்றார். எங்கே போயிருந்தீர்கள் என்றால், "இப்பத்தான் டிரிப்பு முடிச்சிட்டு வாரேன்" என்பார். வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை. அவருக்கு அதுதான் நிஜம்.

ஞாயிறுதோறும் போய் அவர் காலடியில் உட்கார்ந்து சொல்வேன். "மச்சான், ஊசிச் சீட்ட நான்தான் மறைச்சேன்." அவரும், "விடு மாப்ள, தெரியாமத்தான செஞ்ச" என்று தோளைத் தட்டுவார். கொஞ்ச நேரத்தில், "எப்ப வந்த மாப்ள?" என்பார். எனக்குக் கிடைத்த மன்னிப்பும் அதோடு போய்விடும்.

தை மாசம் ஒரு ஞாயிறு, அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா வந்து எதிரே உட்கார்ந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, மடித்து மடித்து நைந்துபோன ஒரு சீட்டை என் முன்னால் வைத்தாள்.

"ஆஸ்பத்திரியில இருந்தப்ப, உன் சட்டையத் துவைக்க எடுத்தப்பவே இந்தச் சீட்டப் பாத்தேன். பெரியாஸ்பத்திரி நர்சு படிச்சுச் சொன்னாக. ஒம்போது மாசமா நீயா வந்து சொல்லுவன்னு பாத்துக்கிட்டிருக்கேன்டா. மறந்துபோற மனுஷன்கிட்டயே சொல்லிக்கிட்டிருக்க. என்கிட்டச் சொல்லு."