கேப்டன் ஓங்காவின் கப்பல்

குளத்தூர்ப் பக்கத்தில் மோகனனைத் தெரியாதவர் இல்லை. ஆனால் மோகனன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ‘முட்டை மோகனன்’ என்று கேட்க வேண்டும். உடனே ஆட்டோ ஸ்டாண்டைக் கை காட்டுவார்கள், வீட்டுக்கு வழி சொல்வார்கள், பெண்டாட்டி குமாரி எந்த ஊர்க்காரி என்பதுவரை சொல்லிவிட்டுத்தான் ஓய்வார்கள்.

வட்டப்பேர் வைப்பதில் எங்கள் கேரள எல்லைப்புறத்து ஊர்களை மிஞ்ச ஆள் கிடையாது. பேரைப் பெற்றவர்கள் வைக்கிறார்கள், வட்டப்பேரை ஊர் வைக்கிறது. பெற்றவர்கள் வைத்தது ரேஷன் கார்டில் கிடக்கும், ஊர் வைத்தது உயிர் உள்ளவரை கூட வரும். அதோடும் போகாது. தகப்பனுக்கு ஒட்டியது பிள்ளைக்கு இறங்கும், பிள்ளையிடமிருந்து பேரனுக்கு இறங்கும். நிலம் நீச்சு இறங்காத வீட்டில்கூட வட்டப்பேர் தவறாமல் இறங்கிவிடும்.

மோகனனுக்கு இறங்கியது தகப்பன் அப்புக்குட்டனிடமிருந்து. அந்த மனிதர் ஒருமுறை கோயில் உற்சவத்துக்குப் போகிற வழியில் ஒரு வாத்து முட்டையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். யானை திரும்பியதும் கூட்டம் நெருக்க, முட்டை உடைந்து மஞ்சள் கரு வேட்டிவரை வடிந்தது. அவ்வளவுதான் நடந்தது. அன்று இறங்கிய மஞ்சள் மூன்று தலைமுறையாகக் காயவில்லை. அப்புக்குட்டன் இறந்த அன்று, மகன்தான் மைக் கட்டிய ஆட்டோவில் போய் ஊருக்கு அறிவித்தான். ‘அப்புக்குட்டன் காலமானார்’ என்று இரண்டு முக்கு சுற்றிவந்தும் ஒரு சனமும் வெளியே எட்டிப்பார்க்கவில்லை. ஸ்டாண்டில் கூட நிற்கும் சுந்தரதாஸ் ஓடிவந்து, “எலே மோகனா, முட்டைன்னு சேத்துச் சொல்லுலே, இல்லெங்கி ஆருக்கும் மனசிலாவாது” என்றான். பெற்ற தகப்பனின் சாவை அழுதுகொண்டே ‘முட்டை அப்புக்குட்டன்’ என்று கோளாம்பி ஒலிபெருக்கியில் சொன்னவன் மோகனன். ஊரே திரண்டு வந்தது.

ஆட்டோ ஓட்டுவது போக, மைக்கில் அறிவிப்பதும் அவன் தொழில்தான். உற்சவம், பெருநாள், பந்து விளையாட்டு, சாவு எதுவானாலும் மலையாளத்தில் ஒருமுறை, எல்லை தாண்டினால் தமிழில் ஒருமுறை. அடைமொழிகளை அடுக்கி, கடைசி எழுத்தை இழுத்து அவன் சொல்லும்போது கடைத்திறப்புக்குக்கூட ஒரு கம்பீரம் வந்துவிடும். அதனால்தான் வாசகசாலைச் செயலாளர் ஸ்ரீகுமாரி டீச்சர், கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குக் கடற்கொள்ளையர் விளையாட்டு நடத்தலாம் என்றதும், பேர் வைக்கும் வேலையை அவனிடம் கொடுத்தார்.

மோகனன் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் மகள் அனகா ஜூன் மாதம் புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். சுற்றுவட்டாரப் பிள்ளைகள் எல்லாம் வந்து சேரும் பெரிய பள்ளி. பழைய பள்ளியில் அவளை ‘முட்டை’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் ஓட்டத்தில் முதலாவது வந்த நாளிலும் “முட்டே! முட்டே!” என்றுதான் கத்தினார்கள். பரிசை வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டாள். புதுப் பள்ளிக்கும் அந்தப் பேர் அவளோடு போய்ச் சேருமோ என்பதுதான் மோகனனை அரித்தது. தனக்குத் தானே பேர் வைத்துக்கொண்டால் ஊர் சிரிக்கும். பிறர் வாயில் வந்தால்தான் ஒட்டும். இந்த விளையாட்டில் மகளைக் கேப்டனாக்கி, ஒரு நல்ல பேரைப் பிள்ளைகள் வாயில் போட்டுவிட்டால் முட்டை ஒழியும் என்று கணக்குப் போட்டான்.

பொழியூரில் கரையைக் கடல் தின்றபோது வீட்டோடு கைவிடப்பட்ட ஒரு ஓட்டை வள்ளத்தை டெம்போவில் ஏற்றிக்கொண்டுவந்து மைதானத்தின் நடுவில் வைத்தார்கள். அதுதான் கப்பல். விளையாட்டு இப்படி: மைதானம் முழுக்கக் கடல். கப்பலாட்கள் சிதறி நிற்பார்கள். கேப்டன் வள்ளத்தில் நின்று ஒவ்வொருவராகப் பேர் சொல்லி அழைக்க வேண்டும். அழைக்கப்பட்டவர் ‘இருக்கிறேன்’ என்பதற்கு “உண்டே!” என்று பதில் குரல் கொடுத்துவிட்டு, பகைவர் தொடுமுன் ஓடிவந்து தன் இடத்தில் ஏற வேண்டும். தொடப்பட்டவர் முழுகிக்கொண்டே கேப்டனின் பேரைச் சொல்லிக் கூவினால், கேப்டன் இறங்கிப் போய் மீட்கலாம். பேர்தான் கயிறு. பேர் எட்டவில்லையென்றால் ஆள் கடலில்.

முதல் நாள் மோகனன் மைக்கோடு வந்தான். கேப்டன் அனகாவுக்கு அவன் வைத்த பேர் ‘சப்தசமுத்திர சக்கரவர்த்தினி’. சுக்கான் பிடிக்கும் லிபினுக்கு ‘சண்டமாருத சேனாபதி’. நோட்டம் பார்க்கும் தீபுவுக்கு ‘சூரியநேத்திர சூரன்’. மைக்கில் அவன் ஒருமுறை சொன்னபோது மைதானமே சிலிர்த்தது. டீச்சர் கை தட்டினார். அதற்குப் பிறகு மைக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளிடம் விட்டார்கள்.

பாவம் அனகா, ‘சண்டமா’ வரைக்கும் வருவதற்குள் மூச்சு தீர்ந்தது. ‘ச’ என்ற எழுத்து காதில் விழுந்ததும் லிபினும் தீபுவும் சேர்ந்து ஓடி ஒருவர்மேல் ஒருவர் மோதினார்கள். பீரங்கிக் குண்டாகத் துணிப்பந்தை எறிய வேண்டிய வெடிக்காரப் பெண் தன் பேரே மறந்து நின்றாள். லிபினைப் பகைவர் தொட்டுவிட்டார்கள். அவன் கேப்டனைக் கூவ வாயைத் திறந்தான், சப்தமா சமுத்திரமா என்று தடுமாறினான், கடைசியில் தெரிந்ததைக் கத்தினான்:

“முட்டே...! ஓடி வா முட்டே!”

ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல் கத்தியதுதான். ஆனால் மைதானம் குலுங்கிச் சிரித்தது. அனகா வள்ளத்திலிருந்து இறங்கி நேராக ஆட்டோவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

“நான் இனி வரமாட்டேன் அப்பா. புது ஸ்கூலுக்கும் போவமாட்டேன்.”

“மக்கா, நல்ல பேருதானே அப்பா வச்சேன்?”

“அது மைக்குக்கு உள்ள பேராக்கும். மனுசனுக்கு உள்ளதில்ல.”

மோகனனுக்குச் சுருக்கென்றது. இத்தனை காலம் மைக்கில் பேசிப் பேசி, வெறும் தொண்டை எப்படி இருக்கும் என்பதே அவனுக்கு மறந்துவிட்டது. ஒலிபெருக்கி இருந்தால் எந்த மாட்டுவண்டிப் பேரும் ஓடும். ஓடுகிற பிள்ளைக்கு இரைக்கிற மூச்சில் ஒரு வாய்தான் கிடைக்கும். அந்த ஒரு வாய்க்குள் அடங்கியது முட்டே மட்டும்தான். அன்று முழுக்க அவன் தன் குடும்பத்தின் எதிரியையே நினைத்துக்கொண்டிருந்தான். அது ஏன் இத்தனை காலம் சாகவில்லை? இரண்டே அசை, கடைசியில் இழுக்க ஒரு நெடில், கேட்டதும் கண்ணில் நிற்கும் ஒரு பொருள். சனியன், எதிரியானாலும் பிழைக்கத் தெரிந்த பேர்!

மறுநாள் சாயங்காலம் மகளை ஐஸ்கிரீம் காட்டிக் கெஞ்சி மைதானத்துக்குக் கூட்டிவந்தான். ரப்பர் தோட்டத்து ஓரத்தில் அவளை நிறுத்திவிட்டு, இவன் வாசகசாலைச் சுவரருகே நின்று மைக் இல்லாமல் கூவினான். கேட்டால் அவள் கையைத் தூக்க வேண்டும்.

‘நங்கூரம்’ என்றான். காற்று ‘ம்’மைத் தின்றுவிட்டது. ‘நங்கூரா’ என்றதும் கை தூக்கினாள். ‘சுக்கான்’ பாதி வழியில் விழுந்தது, ‘சுக்கா’ போய்ச் சேர்ந்தது. வாய் மூடி முடியும் பேர் வழியிலேயே படுத்துவிடும், வாய் திறந்து முடியும் பேர் பறக்கும் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. அனகாவுக்கும் ருசி தட்டிவிட்டது. ஓடிவந்து அவளே சொல்ல ஆரம்பித்தாள்.

“சமையலுக்கு உள்ளவளுக்குப் பப்படா! விளிச்சாலே சிரிப்பு வரும் அப்பா.”

“அப்ப நோட்டம் பாக்குத தீபுவுக்குப் பருந்தா?”

“அய்யோ, ரெண்டும் ‘ப’தானே! பின்னயும் ரெண்டு பேரும் ஓடி முட்டுவினும். அவன் ஏணியில கேறி நிப்பான்லா? ஏணீ!”

வெடிக்காரிக்கு டமாரா என்று வைத்தார்கள். துணிப்பந்தை எறியும்போதே அவள் பேரும் வெடிக்கும். செய்கிற வேலையிலேயே பேர் இருந்தால் மறக்காது என்றான் மோகனன். ஆளின் உடம்பையும் வீட்டையும் தகப்பனையும் சுட்டும் பேர் ஒன்றுகூடக் கப்பலில் ஏறக்கூடாது என்றாள் அனகா. அதைச் சொல்லும்போது அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவனும் பார்க்கவில்லை.

“கேப்டனுக்கு?” என்று கேட்டான். இந்த முறை தானாக ஒன்றும் சொல்லவில்லை.

அனகா வள்ளத்தின் விளிம்பைத் தடவினாள். அதை ஏற்றிவரப் பொழியூருக்கு அவளும் போயிருந்தாள். அலைக்கு அப்பால் கறுத்த முதுகுகள் துள்ளுவதைப் பார்த்து அங்குள்ளவர்கள் ஓங்கல் என்று சொன்னார்கள். டால்பின்தான். வலைக்கும் அகப்படாமல், வள்ளத்துக்கும் பயப்படாமல் சிரித்தபடி கூடவே நீந்திய அவற்றை அவள் மறக்கவில்லை.

“ஓங்கல்” என்றாள். சொல்லிவிட்டு அவளே திருத்தினாள். “ல் வேண்டாம். ஓங்கா.”

மோகனன் ரப்பர் ஓரம்வரை நடந்துபோய் நின்றுகொண்டான். வள்ளத்தில் ஏறி நின்று மகள் தன் பேரைத் தானே கூவினாள். திறந்து தொடங்கி, திறந்து முடிந்த அந்தக் குரல் அவனைத் தாண்டித் தோட்டத்துக்குள் போனது. அவன் இரண்டு கையையும் தூக்கினான். கண்ணும் நனைந்தது, அதை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

மறு ஆட்டம் மைக் இல்லாமல் நடந்தது. அனகா “ஏணீ!” என்றதும் தீபு மட்டும் “உண்டே!” என்று பாய்ந்தான். “பப்படா!” என்றபோது பகைவர்களே சிரித்து ஓட மறந்தார்கள். சுக்கா லிபினைப் பிடித்துவிட்டார்கள். அவன் முழுகியபடி வாயைத் திறந்தான். மோகனன் ஓரடி முன்னால் வந்தான்.

“ஓங்கா...! ஓங்கா...!”

யோசிக்க நேரமில்லாத வாயில் அதுதான் வந்தது. அனகா பாய்ந்துபோய் அவனை இழுத்து வள்ளத்தில் போட்டாள். விடுமுறை முழுக்க அந்தக் கூவல் மைதானத்திலிருந்து சந்திவரை கேட்டது.

ஜூன் மாதம் முதல் நாள், புதுப் பள்ளி வாசலில் மகளை இறக்கிவிட்டு மோகனன் வண்டியைக் கிளப்பாமல் நின்றான். குடையும் மழையும் பிள்ளைகளுமாக ஒரே இரைச்சல். அனகா பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நடந்தாள். உள்ளே வராந்தாவில் பழைய பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக நிற்பது தெரிந்தது. லிபின் அவளைப் பார்த்துவிட்டுக் கையை வாயருகே குவித்தான்.

“ஓங்கா...!”

அனகா நிமிர்ந்தாள். “உண்டே!” என்று கத்திக்கொண்டே மழையில் ஓடினாள். அறியாத பிள்ளைகள் சிலரும், என்ன ஏது என்று தெரியாமலே, கேட்க நன்றாக இருந்ததால் “ஓங்கா” என்று சொல்லிப் பார்த்தார்கள்.

மோகனன் மெதுவாக ஸ்டாண்டுக்கு வந்து வரிசையில் நின்றான். தகப்பன் இருந்திருந்தால் இதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்திருப்பார் என்று தோன்றியது. மனசு நிறைந்திருந்தது, ஓரத்தில் கொஞ்சம் வலிக்கவும் செய்தது. ஒரு கிழவி குடையோடு ஏறுவதற்கு வண்டி தேடிக்கொண்டிருந்தாள். முன்னால் நின்ற சுந்தரதாஸ் திரும்பிப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

“எலே ஓங்காக்க அப்பா! பாறசாலைக்கு ஒரு ஓட்டம் உண்டு, வாறியா?”

மோகனனுக்கு ஒரு நொடி யாரைச் சொல்கிறான் என்று புரியவில்லை. புரிந்ததும், வண்டிக்கு வெளியே தலையை நீட்டி, மழைக்கு மேலே கேட்கும்படி, மைக் இல்லாமல் கத்தினான்:

“உண்டே!”