பொங்கல் கார்டைக் கத்தரித்த கதை

எனக்கு வயது எழுபத்தெட்டு. நான் சொல்லச் சொல்லப் பேத்தி இதை எழுதுகிறாள். பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. ஐந்தாவது என் நாத்தனார் விட்டுப்போன பெண். ஐந்தும் ஆளாகி அவரவர் வீட்டில் இருக்கிறார்கள். எழுத்துக் கூட்டித்தான் எனக்குப் படிக்க வரும். அப்படி இருந்தும் எங்கள் ஊர் மாதர் சங்கத்துக்கு நான் செயலாளராக இருந்தேன். நாமக்கல் பக்கம் சோளக்காடும் கடலைக்காடுமாக இருந்த ஊர். எண்பதுகளின் தொடக்கம்.

சங்கத்துக்குத் தலைவி பெரிய பண்ணையம் செய்த வீட்டு அம்மா. கூட்டம் என்றால் வீடு வீடாகப் போய்ச் சொல்ல ஆள் வேண்டும். யார் வீட்டுக்கும் கூச்சமில்லாமல் போவேன் என்பதால் அந்த அம்மாதான் என்னைச் செயலாளர் ஆக்கினார்.

அந்த வருசத் தைப்பொங்கலுக்கு வாழ்த்தும் கூட்ட அழைப்பும் ஒரே கார்டில் அடித்தோம். இரண்டு கார்டு அடித்தால் இரண்டு கூலி. நான் வாயால் சொல்லச் சொல்ல, ஒன்றிய ஆபீசிலிருந்து வரும் கிராம சேவிகா எழுதிக்கொண்டார். மேல் பாதியில் வாழ்த்து: உறுப்பினர் வீடுகளில் பால் பொங்கட்டும், பட்டி பெருகட்டும் என்று. அதைச் சுற்றிக் கரும்பும் பானையும். கீழ்ப் பாதியில் அழைப்பு: பூநோம்பி அன்று, அதாவது காணும் பொங்கல் அன்று, காலையில் பள்ளிக்கூடத்து மைதானத்தில் கூட்டம், தலைமை யார், வரவேற்பு யார், என்ன பேசப் போகிறோம், பிறகு எல்லோரும் சேர்ந்து பொங்கல் வைப்பது, கடைசியில் ‘இப்படிக்கு, செயலாளர்’. சேவிகா மதிய பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால் கூட்டத்தை முதலிலும் பொங்கலைப் பின்னாலும் போட்டோம்.

பேச வேண்டியதில் முக்கியமானது பால்வாடிக்கு ஆயா எடுப்பது. சங்கம் தீர்மானம் போட்டு அனுப்பினால் ஒன்றியத்தில் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அந்த ஆள் உறுப்பினராக இருக்க வேண்டும், கூட்டத்துக்கு நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டும். அந்த வேலை யாருக்கு வேண்டும் என்று எனக்குத் தெரியும். புரட்டாசியில் புருசனைப் பறிகொடுத்த ஒருத்தி எங்கள் சங்கத்தில் இருந்தாள். இரண்டு சிறு பிள்ளைகள். காட்டைப் புருசனின் அண்ணன், அவள் மச்சாண்டார், பார்த்துக்கொண்டார். இவளுக்கென்று கையில் எதுவுமில்லை.

கார்டு அச்சாகி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சாவு விழுந்த வீட்டுக்கு அந்த வருசம் நோம்பியும் இல்லை, வாழ்த்தும் இல்லை. பால் பொங்கட்டும் என்று அந்த வாசலில் எப்படி நீட்டுவது?

தலைவியிடம் போனேன். “அவளுக்கு இந்த வருசம் வேண்டாம் அம்மிணி. அடுத்த வருசம் கூப்புட்டுக்கலாம். ஊர் வழக்கம்னு ஒண்ணு இருக்குதில்ல?” என்றார்.

“அடுத்த வருசம் வரைக்கும் பால்வாடி காத்துக்கிட்டு இருக்குமுங்களா?” என்றேன்.

அவர் மறுபடி வேண்டாம் என்று அழுத்திச் சொல்லவில்லை. நான் வீட்டுக்கு வந்து கத்தரிக்கோலை எடுத்து, ஒரு கார்டில் வாழ்த்துப் பாதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டேன். கஷ்டமான வீட்டுக்கு முதலில் போய்விடலாம் என்று அழைப்புப் பாதியோடு கிளம்பினேன்.

வாசலில் அவள் மாமியார் முறத்தில் தட்டைப்பயறு பொறுக்கிக்கொண்டிருந்தார். கார்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. சாவுச் செய்தி வரும் கார்டுக்கு மூலையைக் கிழித்து அனுப்புவது அந்தக் காலத்து வழக்கம். அதைப் படித்ததும் வீட்டுக்குள் கொண்டு போகாமல் வெளியிலேயே கிழித்துப் போட்டுவிடுவார்கள். எனக்கு அது தோன்றவே இல்லை.

“அறுத்த கடுதாசியக் கொண்டாந்து நீட்டறியே. எம்பட ஊட்ல இன்னும் ஒருத்தரு போகோணுமா?”

“இல்லீங்கத்தை, இது கூட்டத்துக்குக் கூப்புடற கார்டுங்க. மேல வாழ்த்துப் போட்டிருந்துதுங்க. உங்களுக்கு ஆகாதுன்னுதான்…”

“ஊருக்கெல்லாம் முழுசு, எங்களுக்கு மட்டும் மூளியா? எடுத்துக்கிட்டுப் போ சாமி.”

கார்டை வாசல் திண்டின்மேல் வைத்துவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டார். கதவோரம் மருமகள் நின்றாள். என்னைப் பார்த்தாள், கார்டைப் பார்த்தாள். நான் கார்டைத் திண்டிலேயே விட்டுவிட்டுத் திரும்பினேன்.

வழியெல்லாம் அந்தக் கிழவி சொன்னதே காதில் நின்றது. அவர் சொன்னது நியாயம். ஒருத்தியை மட்டும் தனியாகப் பிரித்து வைத்தது என் கத்தரிக்கோல்தான். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, மிச்சமிருந்த கார்டு அத்தனையையும் இரண்டாக வெட்டினேன். என் வீட்டுக்காரர் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே பார்த்தார்.

“காசு குடுத்து அச்சடிச்சதக் கத்தரிக்கோலுக்குக் குடுக்கற சங்கம் உங்க சங்கந்தான்.”

“ஆமாங்க, உங்க பீடிக்குக் குடுக்கறதுக்கு இது தேவல.”

எல்லா வீட்டுக்கும் அழைப்புப் பாதியை மட்டும் கொடுத்தேன். வாழ்த்துப் பாதி கூட்டத்தில் கிடைக்கும் என்றேன். “செயலாளரம்மா கார்டப் பங்கு போட்டுக் குடுக்கறாங்கடோய்” என்று கிணற்றடியில் சிரித்தார்கள். தலைவி வீட்டிலும் அதே வெட்டுக் கார்டுதான். அந்த அம்மா, வெட்டிய விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார்.

“எனக்குமா?” என்றார்.

“எல்லாருக்கும் ஒண்ணுதானுங்க.”

அதை வாசற்கால் நிலவுக்கு மேலே, பொங்கலுக்கு வேப்பிலையும் பூளைப்பூவுமாகக் காப்புக் கட்டும் இடத்தில், எல்லோரும் பார்க்கச் செருகி வைத்தார். பண்ணையத்து வீட்டு நிலவில் வெட்டுக் கார்டு இருக்கிற சேதி அன்று பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது.

பூநோம்பி அன்று காலை மைதானத்தில் பாய் விரித்து, வந்தவர்களிடம் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினேன். வரவேற்பு முடிந்தது. நான் அறிக்கை சொன்னேன். எழுதியதைப் பார்த்தல்ல, மனப்பாடமாக. சொல்லும்போதே கண் பாதையில்தான் இருந்தது. ஆயா சங்கதி வந்தது. சேவிகா, “யாராவது பேர் சொல்லுங்க” என்றார். நான் வாய் திறக்கவில்லை. ஆள் இல்லாமல் பேரைச் சொல்லி என்ன?

அப்போது வேப்பமரத்துப் பக்கமிருந்து இரண்டு பேர் வந்தார்கள். முன்னால் மாமியார், பின்னால் முக்காடு போட்டு அவள். மாமியார் கையில் அந்த வெட்டுக் கார்டு. பாயில் உட்காராமல் ஓரத்து மண்ணிலேயே இருவரும் உட்கார்ந்தார்கள்.

“பானை வெக்கறதுக்கு முன்னாடி நாங்க போயிருவோம்” என்றார் கிழவி. “எம்மருமவளுக்கு என்ன கேக்கோணுமோ இப்பக் கேளுங்க.”

தலைவிதான் முதலில் அவள் பேரைச் சொன்னார். நான் வழிமொழிந்தேன். சேவிகா, “சம்மதமாம்மா?” என்று கேட்டார்.

“சம்மதமுங்க.” அவ்வளவுதான் அவள் பேசியது. கைகள் உயர்ந்தன. இரண்டு மூன்று உயரவில்லை, அதையும் சொல்ல வேண்டும். தீர்மானத்தில் அவள் கைநாட்டு வைத்தாள். மையைத் துடைக்கத் துணி கொடுத்தேன். வாங்காமல் மண்ணிலேயே துடைத்தாள்.

அவர்கள் எழுந்து போனார்கள். துக்க வீட்டாருக்குச் சொல்வதில்லை என்று, யாரும் வாங்க என்றோ போய்ட்டு வாங்க என்றோ சொல்லவில்லை. பாதை திரும்பி அவர்கள் மறையும்வரை அடுப்புப் பற்ற வைக்காமல் இருந்தோம். அப்படி இருக்கும்படி யாரும் யாருக்கும் சொல்லவில்லை. பிறகுதான் பானை ஏறியது. வாழ்த்துப் பாதிகளை நூலில் கோத்துத் தோரணமாகக் கட்டியிருந்தேன், பையிலேயே வைத்திருந்ததை அப்போதுதான் எடுத்தேன். ஆளுக்கு ஒன்று பிய்த்துக்கொண்டார்கள். ஒன்று மிஞ்சியது.

அதை அரிசிப் பானைக்குள் போட்டு வைத்தேன். அடுத்த தையில், துக்கம் கழிந்த பிறகு, பால்வாடிக்கு எடுத்துப் போனேன். பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“போன வருசத்து வாழ்த்துங்க. உங்களுது எங்கிட்டயே நின்னு போச்சு.”

கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். எழுத்தைப் பார்க்கவில்லை, வெட்டிய விளிம்பைத்தான் பார்த்தாள். “கோணலா வெட்டிருக்கீங்கக்கா” என்றாள்.

சாமி, எழுதிட்டியா? இப்ப மொதல்ல இருந்து படிச்சுக் காட்டு. அவ பேரு எங்கியாவது வந்திருந்தா நிறுத்திச் சொல்லு, எடுத்துரலாம்.