முப்பத்தோராம் நிமிடத்துச் சுவர்

கல்லூரியின் கட்டடக் கலைத் துறை அலுவலகத்தில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் அது வருகைப் பதிவேட்டோடு சரி. மற்றபடி பேராசிரியர் முதல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் லிஸ்ட் அக்காதான்.

மாணவர்கள் தங்கள் வரைபடங்களைச் சுவரில் வரிசையாக ஒட்டிவைத்து, மூன்று நடுவர்கள் முன்னால் நின்று வாங்கிக் கட்டிக்கொள்ளும் நாள் ஒன்று பருவத்துக்கு ஒருமுறை வரும். அன்று பேசுவதையெல்லாம் அலுவலக ஃபோனில் பதிவு செய்வார்கள். திட்டு வாங்கும் பிள்ளைக்குக் காது அடைத்துவிடும், வெளியே வந்ததும் ஒரு வார்த்தைகூட நினைவிருக்காது. அதனால் மறுநாள் லிஸ்ட் அக்கா உட்கார்ந்து முழுவதையும் கேட்டு, என்னென்ன திருத்த வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதித் தருவாள். அந்தப் பக்கத்தை வைத்துத்தான் இரண்டாம் முறை மதிப்பிடுவார்கள். அதில் உள்ளதைச் செய்தால் தேர்ச்சி, விட்டால் இன்னொரு வருடம்.

பதினேழு வருடப் பழக்கம் அவளுக்கு. ஒரு நடுவர் தன் வெளிநாட்டுப் பயணத்தைப் பத்து நிமிடம் அளப்பார், அதில் ஒரு திருத்தமும் தேறாது. போகிற போக்கில் அரை வாக்கியம் சொல்வார், அதுதான் தலைபோகிற விஷயமாக இருக்கும். "இப்படிச் செஞ்சா எப்படி இருக்கும்" என்பது யோசனை, "இது கூடாது" என்பது கட்டாயம், இரண்டுக்கும் தனித்தனி இடம். ஒருவர் சொன்னதை இன்னொருவர் வெட்டினால், துறைத் தலைவரைக் கேட்காமல் எதையும் சேர்க்கமாட்டாள். வீட்டிலும் இதே கதைதான். தையல் கடை வைத்திருக்கும் அவள் கணவர் அரை மணி நேரம் கத்தித் தீர்த்தால், "ஆக மொத்தம் மூணு விஷயம் சொல்லியிருக்கீங்க, அதுல ரெண்டு போன வாரத்தது" என்பாள். அதற்குமேல் அந்த மனிதர் எப்படிச் சண்டை போடுவார்?

வெளியே இப்படித் தெரிந்தாலும் உள்ளே அவள் பயந்தாங்கொள்ளி. இரண்டு வருடத்துக்கு முன்னால், துறைத் தலைவர் சிரித்துக்கொண்டே சொன்ன ஒன்றை வேடிக்கைப் பேச்சு என்று லிஸ்டில் சேர்க்காமல் விட்டுவிட்டாள். அது வேடிக்கையில்லை. ஒரு பையன் அதனால் தோற்றான். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அன்று முதல் ஒவ்வொரு லிஸ்டையும் அனுப்பிய பிறகு, எதையாவது தவறாக எழுதிவிட்டோமா என்று அரை நாள் மனதுக்குள் திருப்பிப் பார்ப்பாள்.

இந்த முறை ஒரு மாணவி, சிறிய நூலகம் ஒன்றை வடிவமைத்திருந்தாள். ஐம்பத்திரண்டு நிமிடப் பதிவு. வியாழன் காலை பதினொரு மணிக்குள் லிஸ்ட் போக வேண்டும், சனிக்கிழமை மாலைக்குள் திருத்திய வரைபடங்கள் வர வேண்டும், திங்களன்று இரண்டாம் மதிப்பீடு. முப்பத்தோராம் நிமிடத்தில், நடுவராக வெளியிலிருந்து வந்திருந்த கட்டடக் கலைஞர் சொல்கிறார்: "இந்தச் சுவர் வேணாம். எடுத்துடு."

எந்தச் சுவர்? அதுவரை ஆறு நிமிடம் வாசலில் வளைந்து உள்ளே அழைத்துப்போகும் சுவரைப் பற்றித்தான் பேச்சு. இந்த வாக்கியத்தில் அவர் குரல் இறங்கியிருந்தது. கோபத்தை அடக்கிக்கொண்டு பேசுகிறார் என்று நினைத்தாள். மணி பத்து ஐம்பது. 'கட்டாயம்: வாசல் வளைவுச் சுவரை நீக்குக' என்று எழுதினாள். துறைத் தலைவர் வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். லிஸ்ட் போய்விட்டது.

சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் சந்தேகம் ஆரம்பித்தது. கோபத்தில் சொன்னவர் அடுத்த வரியில் எப்படி அவ்வளவு நிதானமாகக் காற்றோட்டம் பற்றிப் பேசுவார்? வாசல் சுவருக்கும் காற்றுக்கும் என்ன சம்பந்தம்? இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை. டப்பாவை மூடிவிட்டு ஃபோனை எடுத்துக்கொண்டு மதிப்பீட்டுக் கூடத்துக்கு நடந்தாள்.

எட்டுத் தாள்களும் இன்னும் சுவரிலேயே இருந்தன. நேற்று ஃபோனை வைத்த மேசை கதவோரம், வாசல் சுவர் வரைந்திருந்த முதல் தாளுக்குப் பக்கத்தில். பதிவை அங்கேயே வைத்து ஓட விட்டாள். அந்த வாக்கியத்துக்கு முன்னால் செருப்புச் சத்தம் கேட்டது. எண்ணினாள். ஆறு அடி. காலையில் வார்த்தைகளை மட்டும் தேடிக் கேட்டவள் இதைக் கவனிக்கவே இல்லை. தானும் ஆறு அடி வைத்தாள். ஏழாம் தாளுக்கு முன்னால் நின்றாள். படிக்கும் அறை. அதற்கும் நடைவழிக்கும் நடுவில், காற்றை அடைத்துக்கொண்டு ஒரு சுவர்.

மனிதர் குரலைத் தாழ்த்தவில்லை, தள்ளி நின்றிருக்கிறார்.

கட்டடக் கலைஞருக்கு ஃபோன் போட்டாள். அவர் எங்கேயோ வேலைத்தளத்தில் இருந்தார், பின்னால் ஜல்லி கொட்டும் சத்தம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நானா சொன்னேன்? நேத்து ஒன்பது பேரைப் பார்த்தேம்மா. நீங்க என்ன எழுதினீங்களோ அதையே வெச்சுக்கங்க" என்றார்.

அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது. அவள் எழுதியதே இனி உண்மை. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மாற்றுவதென்றால், தவறு யாருடையது என்று எழுத்தில் கொடுக்க வேண்டும், அது அவள் கோப்பில் போய் உட்காரும். அடுத்த வருடம் பதவி உயர்வு வேறு இருக்கிறது. ஒரு நிமிடம் யோசித்தாள் என்பதை மறைப்பானேன், இரண்டு நிமிடமே யோசித்தாள்.

பிறகு அவரை மறுபடி அழைத்து, முதல் தாளையும் ஏழாம் தாளையும் படம் எடுத்து அனுப்புவதாகவும், பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லியும் விடாப்பிடியாகக் கேட்டாள். இருபது நிமிடம் கழித்துப் பதில் வந்தது: ஏழாம் தாள்தான், வாசல் சுவரைத் தொட வேண்டாம்.

வரைகூடத்தில் மாணவி கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் வாசல் வெறிச்சென்று இருந்தது. பக்கத்தில் அட்டையில் செய்த நூலகத்தின் மாதிரி வடிவம், அதிலும் வளைவுச் சுவரைப் பிய்த்தெடுத்து மேசை ஓரத்தில் வைத்திருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அது தப்பு. அவர் சொன்னது ஏழாம் தாள்ல இருக்கிற சுவர். நான்தான் மாத்தி எழுதிட்டேன்" என்றாள் லிஸ்ட் அக்கா.

மாணவி அவளையே பார்த்தாள். "இந்த மொத்தப் படத்துலயும் எனக்குப் பிடிச்சது அந்தச் சுவர் ஒண்ணுதான்க்கா. அது வேணாம்னதும், எனக்கு இந்தப் படிப்பே வராதுன்னு முடிவு பண்ணிட்டேன். இப்பதான் அப்பாவுக்கு ஃபோன் பண்ணி, விட்டுடறேன்னு சொன்னேன்."

லிஸ்ட் அக்கா பக்கத்து முக்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கடைசியில், "முதல்ல அப்பாவுக்கு ஃபோன் பண்ணு" என்றாள். அந்தப் பெண் பேசி முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

திருத்திய லிஸ்ட் அன்று மாலையே போனது. அடியில் ஒரு வரி: 'முதல் பட்டியலில் உள்ள தவறு பட்டியல் எழுதியவருடையது, மாணவியுடையது அல்ல.' துறைத் தலைவர் இந்த முறை முழுக்கப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

திங்களன்று, பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு வெளியே போகும் வழக்கத்தை விட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கூடத்திலேயே உட்கார்ந்தாள் அவள். ஏழாம் தாளில் சுவர் இல்லை. வாசலில் வளைவு இருந்தது. கட்டடக் கலைஞர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"நல்லாயிருக்கு. ஆனா இங்க மட்டும் கொஞ்சம் உயரத்தைக் குறைச்சா தேவலை" என்று விரலை நீட்டினார்.

பதினேழு வருடத்தில் அந்தக் கூடத்தில் வாயே திறக்காதவள் எழுந்து நின்றாள்.

"ஐயா, இங்கன்னா எங்க? தாள் நம்பரையும் சேர்த்துச் சொல்லிடுங்க."