பெட்டரி வயரைக் கழற்றிய ஹாஜியார்

சாய்ந்தமருதில் கார் வயரிங் செய்யும் ஜவ்பரிடம் உதுமாலெவ்வை ஹாஜியார் மறுபடியும் சண்டைக்கு வந்தார்.

"சுவிட்ச ஒரு தட்டுத் தட்டினா கார் கண்ணாடி முழுசா ஏறுதில்ல. சன்ரூஃபும் அப்படித்தான். என்ன வேலை செஞ்சீங்க?"

"பெட்டரி வயரக் கழட்டினீங்களா?"

"ஓம், கள்ளனுக்குப் பயந்து தினமும் கழட்டுறன்."

ஜவ்பர் தலையில் அடித்துக்கொண்டார். "கரண்ட் போனா எதுவரைக்கும் ஏறணும்கிறதக் கண்ணாடி மறந்திரும், ஹாஜியார்! திரும்பவும் பழக்கணும். இந்தமுறை நீங்களே செய்யுங்க."

ஹாஜியாரையே சாவியைத் திருப்பி, ஒவ்வொரு கண்ணாடியையும் அந்தந்தக் கதவின் சுவிட்சால் முழுதாக இறக்கி ஏற்றி, மூடிய பிறகும் சற்றுநேரம் சுவிட்சைப் பிடித்திருக்க வைத்தார். சன்ரூஃபுக்கும் மூடும் சுவிட்சை அப்படியே பிடிக்கச் சொன்னார். வெயிலில் நாலு கதவுக்கும் ஏறி இறங்கிய ஹாஜியாருக்கு சட்டை நனைந்துவிட்டது.

எல்லாம் ஒரே தட்டில் ஓடின. ஹாஜியார் சிரிக்கவில்லை.

"கள்ளனுக்கு ஸ்டீயரிங்கில போடுற பூட்டு எங்க விக்கிது?" என்று மட்டும் கேட்டார்.