கணவர் பெயரில் ஒரு சாதிச் சான்று

அவளைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். ராஜபாளையத்தில் ஒரே டைப்ரைட்டிங் வகுப்பில் படித்தோம். வேகத்தில் அவள்தான் முதல். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட் குமாஸ்தாவுக்கு வாக்கப்பட்டாள். எனக்கு வந்த வரன்கள் காபி குடித்துவிட்டுப் போனதோடு சரி.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அரசு எழுத்தர் தேர்வுக்கு அறிவிப்பு வந்தது. பொதுப் பிரிவு என்றால் இருவருக்கும் வயது தாண்டிவிட்டது. பிற்பட்டோருக்கான வயதுச் சலுகையில் அந்த ஒரு தடவை மட்டும் எழுதலாம். அதோடு கதவு சாத்திக்கொள்ளும்.

சாதிச் சான்றுக்காக நான் தாலுகா ஆபீஸுக்கு நடந்து நடந்து செருப்பைத் தேய்த்தேன். அவளுக்கோ கணவன் ஊரில் தெரிந்த ஆள் இருந்ததால் ரெண்டே நாளில் கிடைத்துவிட்டது. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

அனுப்பும் முன் ஒருவர் விண்ணப்பத்தை மற்றவர் சரிபார்ப்பது டைப் வகுப்புக் காலத்திலிருந்தே எங்கள் வழக்கம். பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தாள். என்னுடையதை வாங்கிப் பார்த்தவள் பதறிவிட்டாள்.

"ஏட்டி, சாதிப் பேரை எழுதிட்டு, பிற்பட்டோர் கட்டத்துல டிக் போடாம விட்டிருக்கியே! பொதுப் பிரிவுன்னு எடுத்து, வயசு தாண்டிட்டுன்னு தூக்கிப் போட்டுருவாங்க."

பேனாவை எடுத்து என் கையில் திணித்தாள். டிக் போட்டேன்.

அப்புறம் அவளுடையதைப் பார்த்தேன். எல்லாம் முத்து முத்தான எழுத்து. சான்றிதழில் மட்டும் 'இன்னாரின் மனைவி' என்றிருந்தது. கல்யாணமான பெண்ணானாலும் சாதிச் சான்று தகப்பனார் பெயரில்தான் இருக்க வேண்டும். சாதி பிறப்பால் வருவது, கணவன் வழியாக வருவதில்லை. அறிவுரைத் தாளில் அந்த வரியை நான் ரெண்டு தடவை படித்திருந்தேன். கடைசித் தேதிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அவள் அப்பா ரெண்டு தெரு தள்ளித்தான் இருந்தார். மாற்றி வாங்க அந்த ஒரு வாரம் போதும்.

"எல்லாம் சரியா இருக்கா?" என்றாள்.

"சரியா இருக்கு" என்றேன். அவள் கழுத்துச் சங்கிலியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அந்த ஒரு வாரமும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் என்ன சீமையிலா இருக்கிறது? நான் பஸ் ஏறவில்லை. எனக்கு ஹால் டிக்கெட் வந்தது. அவளுக்கு, சான்று தந்தை பெயரில் இல்லாததால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாகக் கடிதம் வந்தது.

தேர்வெழுதி, தேறி, வேலையில் சேர்ந்தேன். அந்த வாரமே அவள் பால்கோவாப் பொட்டலத்தோடு வந்து நின்றாள். முகத்தில் துளிக் கோபமில்லை.

"எம் புத்தியச் செருப்பால அடிக்கணும். படிச்சும் அந்த வரி கண்ணுல படல பாரு. எனக்குத்தான் இனி வயசில்ல" என்றாள். பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்து நீட்டினாள்.

"தங்கச்சி விண்ணப்பம். அவளுக்கும் போன மாசம் கல்யாணமாயிருச்சு. வேற யாரையும் நான் நம்ப மாட்டேன். நீயே பாத்துக் குடு."