இரண்டாவது காப்பிக்கு ஒரு பாட்டு

என் அக்காவின் வலது கை ஒரு தனி ஆள். அவள் பாட வாயைத் திறந்தால் போதும், அது தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிடும். கரமனைத் தெருவில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தே ஐம்பதைத் தாண்டியவள். மைக் முன்னால் தனியாகப் பாடியதே கிடையாது. ஒருதரமாவது பாட வேண்டும் என்ற ஆசை மட்டும் அவளுக்குக் குறையவில்லை. அதை ஒளிக்கவும் மாட்டாள்.

"ஆத்துல பாடினா எனக்குக் குக்கர்தானேடா பக்கவாத்தியம்," என்பாள்.

விழிஞ்ஞத்தில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு சின்ன ஓட்டல். அதன் முதலாளி என்னோடு பழைய கானமேளாக் குழுவில் கீபோர்டு வாசித்தவர். நான் கிடார். இப்போது நான் அரசாங்க அலுவலகத்தில் பைல் புரட்டுகிறேன், அவர் மீன் பொரிக்கிறார். சனிக்கிழமை மதியங்களில் யாராவது பாடினால் நன்றாக இருக்கும் என்றார். அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். அக்காவே எழுதி மெட்டுப் போட்ட பாட்டு. "மதியமே, மெல்லப் போ" என்று தொடங்கும். முடித்தபோது நாலைந்து பேர் கை தட்டினார்கள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

முதலாளி என்னைத் தனியே அழைத்துத் தன் மலையாளத் தமிழில் சொன்னார்.

"சாரே, சேச்சி நல்லா பாடுது கேட்டோ. பக்ஷே உங்க பாட்டு கேட்டா ஆளுங்க வேகமா தின்னுட்டு எந்திரிச்சு போறாங்க. எனக்கு அவங்க உக்காந்து ரெண்டாவது காப்பி குடிக்கணும். அடுத்த சனி இன்னும் ஒரு தரம் பாக்கலாம். சரியாகலைன்னா ஸ்பீக்கர்ல எதாவது போட்டுக்கிறேன்."

அவர் சொன்னது நியாயம்தான். மெல்லப் போகச் சொல்லும் பாட்டுக்கு நான் பிளெக்ட்ரம் என்ற சின்னத் தகட்டால், சி, எப், ஜி என்று மூன்றே கார்டில், அதாவது மூன்றே சுரக்கூட்டில், திருவிழா மேடையில் அடிப்பதுபோல அடித்திருந்தேன். இதற்கு போஸா நோவாதான் சரி என்று முடிவு செய்தேன். பிரேசில்காரர்களின் சமாச்சாரம். அவசரமே இல்லாமல் நடக்கும், ஆனால் நின்றுவிடாது.

பிளெக்ட்ரத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு விரலால் பறிக்க ஆரம்பித்தேன். கார்டுகளையும் மாற்றினேன். சி மேஜர் செவன், அடுத்து சி ஷார்ப் டிமினிஷ்ட், அடுத்து டி மைனர் செவன், கடைசியில் ஜி தேர்ட்டீன். முதல் மூன்றிலும் கீழ்ச்சுரம் ஒரே கம்பியில் ஒவ்வொரு கட்டையாக மேலே ஊர்ந்து போகும்.

டிமினிஷ்டைக் கேட்டதும் அக்கா முகத்தைச் சுளித்தாள். "இது என்னடா, குழம்புல புளி கூடிப்போன மாதிரி?"

"அடுத்ததையும் கேளு."

டி மைனர் வந்ததும் முகம் தெளிந்தது. நாலையும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "விரலெல்லாம் இந்த ஓட்டம் ஓடறதே, மேல ஒரே சுரம், காந்தாரம்னா நின்னுண்டிருக்கு. மூணாவதுல மட்டும் மத்தியமத்தைத் தொட்டுட்டுத் திரும்பறது. அப்போ நான் காந்தாரத்துலயே படுத்துக்கலாமே."

அது எனக்கே தெரியாது. தெரிந்த மாதிரித் தலையாட்டினேன்.

தாளத்துக்குத்தான் நான் நிஜமாகப் பாடுபட்டேன். இரண்டு இரவு செல்போனில் பாடம் பார்த்து, தாளில் பதினாறு கட்டம் போட்டு, எந்தெந்தக் கட்டத்தில் விரல் விழ வேண்டும் என்று புள்ளி வைத்திருந்தேன். அக்கா தாளை எட்டிப் பார்த்தாள்.

"தகிட தகிட தகதிமி தகிட தகிட. அவ்வளவுதானே? இதுக்கா ரெண்டு நாள் லீவு போட்டே?"

லீவு போட்டது காய்ச்சலுக்கு. சொன்னால் நம்பவா போகிறாள்? ஆனால் கணக்கு அதேதான். ஒவ்வொரு சொல்லின் தொடக்கத்திலும் மூன்று விரல்கள் சேர்ந்து பறிக்கும். கட்டைவிரல் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. நாலுக்கு ஒரு தரம் கீழ்க்கம்பியைத் தட்டிக்கொண்டு தன்பாட்டில் நடக்கும். பதினாறுக்கு ஒரே ஓர் இடத்தில்தான், முதல் எண்ணில், விரல்களும் கட்டைவிரலும் சந்தித்துக்கொள்ளும்.

இத்தனை செய்தும் பாட்டு மெல்லப் போகவில்லை. பதினாறுக்கு ஒரு தரம் யாரோ கதவைத் தட்டுவதுபோல ஒரு "டொம்". நான் யோசிக்கவே இல்லை. அக்காவின் கைதான். முதல் எண்ணில் தொடையில் ஓங்கி விழுகிறதே!

"கையைக் கட்டிண்டு பாடு," என்றேன்.

பாடினாள். பாவம், மூச்சே முட்டியது. கையை விட்டால் பாட்டு வருகிறது, கட்டினால் சுருதியே தள்ளாடுகிறது. அந்த வாரம் முழுக்க அந்தக் கையைக் கேலி செய்தேன். மடியில் தலையணை வைத்துப் பாடச் சொன்னேன். வியாழக்கிழமை அவள் தலையணையை எறிந்துவிட்டு, "என்னால உன் பாட்டு கெட வேண்டாம்டா. அவர் ஸ்பீக்கரே போட்டுக்கட்டும்," என்று எழுந்து கோவிலுக்குப் போய்விட்டாள்.

கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. அவள் திரும்பியதும் கேட்டுப் பழகட்டும் என்று கிடாரை மட்டும் செல்போனில் பதிவு செய்தேன். போட்டுக் கேட்டேன்.

டொம்.

அக்கா கோவிலில் இருக்கிறாள். அவள் கையும் அவளோடுதான் போயிருக்கிறது. டொம்.

என் கட்டைவிரல்! கானமேளாவில் பதினைந்து வருடம் பாஸ் டிரம்மோடு சேர்ந்து முதல் அடியை இறக்கிய விரல், பழக்கத்தை விடாமல் ஒவ்வொரு சுற்றிலும் முதல் எண்ணில் போய்க் குதிக்கிறது. போஸா நோவாவில் முதல் அடி லேசு, இரண்டாவது அடிதான் கொஞ்சம் கனம் என்று அந்தப் பாடத்திலேயே சொல்லியிருந்தார்கள். நான்தான் புள்ளி எண்ணுவதில் மும்முரமாக இருந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

அக்கா பிரசாதத்தோடு வந்தாள். பதிவைப் போட்டுக் காட்டினேன். முழுதும் கேட்டாள்.

"ஒரு வாரமா என் தொடையைத் திட்டினியேடா," என்றாள். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தாள். தலையணையை எடுத்து என் கிடாரின்மேல் வைத்தாள். "இப்போ வாசி பாப்போம்."

வெள்ளிக்கிழமை முழுக்க எனக்குத்தான் பயிற்சி. முதல் எண்ணில் கம்பியைச் சும்மா தொடு, இரண்டாவது அடியில் உட்கார் என்று சொல்லிச் சொல்லி, விரல் குதிக்கும்போதெல்லாம் முதுகில் ஒன்று வைத்தாள். எத்தனை வைத்தாள் என்று எண்ணவில்லை. சாயங்காலத்துக்குள் டொம் போய்விட்டது. அவள் கை தொடையிலேயே இருந்தது. அதன் சத்தம் ஒருநாளும் பெரிதாக இருந்ததில்லை.

சனிக்கிழமை பாடினாள். காந்தாரத்தில் நிஜமாகவே படுத்துக்கொண்டாள். பாட்டு முடிந்தது என்று சொல்வதைவிடக் கரைந்தது என்று சொல்லலாம். ஒருவர்கூடக் கை தட்டவில்லை. துறைமுகத்து கிரேனைப் பார்த்துக்கொண்டு ஒரு குடும்பம். கன்னத்தில் கைவைத்து ஒருவர் அரைத்தூக்கத்தில். முதலாளி எங்கள் பக்கம் பார்க்கவே நேரமில்லாமல் காப்பித் தட்டோடு ஓடிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு தரம் நின்று, "அடுத்த சனியும் வரணும் கேட்டோ," என்றார்.

அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. முகம் விழுந்துவிட்டது.

"ஒத்தர்கூடத் தட்டலியேடா."

கிடாரை உறையில் போட்டேன். கை கழுவப் போனாள், நானும் பின்னாலேயே போனேன். குழாயடியில் முன்பின் தெரியாத ஒரு பெண் எங்களுக்கு முதுகு காட்டிக் கை கழுவிக்கொண்டிருந்தாள். மெதுவாக, தனக்குத்தானே முனகிக்கொண்டிருந்தாள். மதியமே, மெல்லப் போ.

அக்கா அப்படியே நின்றுவிட்டாள். அந்தப் பெண் கையைத் துடைத்துக்கொண்டு போகும்வரை அசையவில்லை. கண் நிறைந்திருந்தது.

"அவளுக்குக் காந்தாரம் கொஞ்சம் இறங்கறது," என்றாள். "அடுத்த வாரம் வந்தா சொல்லணும்."