ஐந்தாவது தொப்பி

என் அக்காவுக்குத் தங்கையாகப் பிறந்ததற்கு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அவள் கல்லூரியில் கணிதம் நடத்துகிறாள். அதே கல்லூரி நூலகத்தில் நான் உதவியாளர். பதினோரு வருடமாக அவள் தற்காலிக விரிவுரையாளர்தான். ஒவ்வொரு வருடமும் புதுப்பிப்பு உத்தரவு வருமா வராதா என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பது நானும் அத்தானும். அவள் பாட்டுக்குச் சுண்ணக்கட்டித் தூள் ஒட்டிய கையோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கணக்கு பேசிக்கொண்டிருப்பாள்.

மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் தொப்பி மேடம். காரணம் ஒரே ஒரு புதிர். பத்துக் கைதிகளை ஒருவர் பின் ஒருவராக வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவர் தலையிலும் சிவப்போ வெள்ளையோ ஒரு தொப்பி. தன் தொப்பி தனக்குத் தெரியாது, முன்னால் நிற்பவர்களின் தொப்பி மட்டும் தெரியும். கடைசியில் நிற்பவரிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராகத் தன் தொப்பி நிறத்தை ஒரே வார்த்தையில் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் விடுதலை, தப்பென்றால் தலை போய்விடும். முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். எத்தனை பேரைக் காப்பாற்ற முடியும்?

ஒன்பது பேரை உறுதியாகக் காப்பாற்றலாம். கடைசி ஆள் தனக்கு முன்னால் உள்ள ஒன்பது தொப்பிகளில் சிவப்பை எண்ணுகிறார். ஒற்றைப்படையாக இருந்தால் ‘சிவப்பு’ என்கிறார், இரட்டைப்படையாக இருந்தால் ‘வெள்ளை’. அது அவருடைய தொப்பியைப் பற்றிய பேச்சே இல்லை, மற்றவர்களுக்கான சேதி. அவர் பிழைப்பது அவர் அதிர்ஷ்டம். அடுத்து வரும் ஒவ்வொருவரும், தான் பார்க்கும் சிவப்பையும் அந்தச் சேதிக்குப் பிறகு காதில் விழுந்த சிவப்பையும் கூட்டிப் பார்க்கிறார். கடைசி ஆள் சொன்ன சேதியோடு ஒத்துப்போனால் தன் தலையில் வெள்ளை, ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு. அவ்வளவுதான். இதை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இருபது தடவையாவது அக்கா வீட்டுக் கூடத்தில் அத்தானோடும் அவள் மாமியாரோடும் தொப்பி மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

இந்த வருடம் நிரந்தர இடம் ஒன்று காலியானது. போட்டிக்கு இன்னொருவர். இருவரும் தேர்வுக் குழு முன்னால் ஆளுக்கொரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். வயது வரம்பு அக்காவுக்கு இந்த வருடத்தோடு முடிகிறது. இது போனால் இனி நிரந்தரம் என்ற பேச்சே கிடையாது.

“ஏதாவது பாடப்புத்தகத்துல இருக்கறதா எடுக்கா,” என்று கெஞ்சினேன். “ரிஸ்க் வேண்டாம்.”

“தொப்பிதான்டி. பசங்க நின்னு பார்த்தாத்தான் புரியும்.”

வகுப்பு எடுத்துக் காட்டும் நாளன்று காலை, வரிசையில் நிற்க வேண்டிய பத்து மாணவர்களில் ஒருவனுக்குக் காய்ச்சல். வேறு வகுப்பிலிருந்து யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். அவள் நேராக நூலகத்துக்கு வந்து, புத்தகத்தில் முத்திரை குத்திக்கொண்டிருந்த என் கையைப் பிடித்து இழுத்தாள். “உனக்குத்தான் எல்லாம் தெரியுமே.” ஐந்தாவது ஆளாக நிறுத்தினாள். பின்னால் நான்கு பேர், முன்னால் ஐந்து பேர்.

குழுவில் மூன்று பேர். முதல்வர், துறைத் தலைவர், வெளியிலிருந்து வந்த நிபுணர் ஒருவர். தொப்பிகளை நிபுணரே மாட்டினார். கடைசியில் நின்ற பையன் ‘சிவப்பு’ என்றான். அவன் தலையில் வெள்ளை, பரவாயில்லை, அது சேதி. இரண்டாமவள் ‘சிவப்பு’. மூன்றாமவன் ‘வெள்ளை’. நான்காமவன் ‘சிவப்பு’. மூன்றும் சரி.

என் முறை. முன்னால் இரண்டு சிவப்பு தெரிந்தது. காதில் விழுந்தது எத்தனை? சிவப்பு, சிவப்பு, வெள்ளை, சிவப்பு. மூன்று. ஆக ஐந்து, ஒற்றை, சேதியோடு ஒத்துப்போகிறது. “வெள்ளை,” என்றேன்.

சொன்ன வாய் மூடுவதற்குள் உறைத்தது. முதல் ‘சிவப்பு’ சேதி. அதை எண்ணவே கூடாது. என் தலையில் இருந்தது சிவப்பு. அக்காவின் முகம் வெளுத்தது. பதினோரு வருடமாக அவள் மாணவர்களுக்குச் சொல்லி வந்தது எனக்கு மனப்பாடம்: ஒருத்தர் தப்பு பண்ணா அவருக்கு அப்புறம் இருக்கற எல்லாரும் காலி.

ஆறாவதாக நின்ற பெண் ‘சிவப்பு’ என்றாள். அவள் தலையில் வெள்ளை. எனக்கு அங்கேயே தரை பிளந்தால் நல்லது என்றிருந்தது.

ஏழாமவன் ‘வெள்ளை’ என்றான். சரி. எட்டாமவள் ‘சிவப்பு’. சரி. ஒன்பதும் பத்தும் சரி.

 முதல்வர் அக்கா பக்கம் திரும்பினார். “ஒன்பது பேர் தப்பிப்பாங்கன்னீங்க. மூணு பேர் போயிட்டாங்களே.”

“என் தப்பு சார்,” என்றேன் நான். “முதல் வார்த்தையையும் சேர்த்து எண்ணிட்டேன்.”

அக்கா இதோடு விட்டிருக்கலாம். ‘நூலகத்து ஆள், மாணவி இல்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழி என் தலையோடு போயிருக்கும். அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கரும்பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இது எனக்குத் தெரியாது,” என்றாள். “அஞ்சாவது ஆள் தப்பு பண்ணா மீதிப் பேர் எல்லாரும் தப்பா சொல்லுவாங்கன்னு பதினோரு வருஷமா சொல்லிக் குடுத்துட்டிருக்கேன். இப்ப பாருங்க, ஆறாவது ஆளோட நின்னுடுச்சு.”

நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. வேலைக்கு ஆள் எடுக்கிறவர்களிடம் யாராவது இப்படிச் சொல்வார்களா?

அவள் ஆறாவது பெண்ணிடம் போனாள். “நீ எண்ணினது சரிம்மா. தப்பு உனக்கு முன்னாடியே வந்துடுச்சு.” பிறகு பலகையில் எழுதிக்கொண்டே பேசினாள். நான் சொல்லாமல் விட்டது ஒரு சிவப்பு. அதனால் அந்தப் பெண்ணுக்குக் கணக்கில் ஒன்று குறைந்தது, தன் தலையில் சிவப்பு இருப்பதாக நினைத்துச் சொன்னாள். குறைந்த ஒன்று அதோடு ஈடாகிவிட்டது. ஏழாமவன் காதில் விழுந்த சிவப்புகளின் எண்ணிக்கை அசலோடு பொருந்திவிட்டது. அந்தப் பெண் தலையில் சிவப்பே இருந்திருந்தாலும் இதே கதைதான், ‘வெள்ளை’ என்றிருப்பாள், குறைவது இரண்டாகும், ஒற்றை இரட்டை மாறாது. எப்படி வந்தாலும் ஒரு தப்பு இன்னும் ஒரே ஒருவரைத்தான் கெடுக்கும்.

“அப்ப பதினோரு வருஷமா தப்பாத்தான் நடத்தினீங்க,” என்றார் முதல்வர்.

“ஆமா சார்.”

நிபுணர் எதையோ எழுதிக்கொண்டார். மணி அடித்தது.

பத்து நாள் கழித்து அறிவிப்புப் பலகையில் இன்னொருவர் பெயர். அக்காவின் கோப்பில் ‘அடிப்படையில் தெளிவு போதாது’ என்று எழுதியிருந்ததை அலுவலக எழுத்தர் என்னிடம் சொன்னார். பின் வாசல் படியில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு அவள் மேல் கோபம், என் மேல் அதைவிடக் கோபம். எண்ணத் தெரியாத ஒரு நிமிடத்தில் அவளுடைய நிரந்தர வேலையைத் தொலைத்துவிட்டேன்.

மறுநாள் நூலகத்துக்கு வந்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

“அதை விடு. மூணாவது மணிக்கு ரெண்டாம் வருஷப் பசங்க. போன வருஷம் அவங்ககிட்டயும் தப்பாச் சொல்லிட்டேன், திருத்தணும். நீ வந்து அஞ்சாவதா நில்லு.”

“நானா?”

“வேற யார் நின்னாலும் சரியாச் சொல்லிடுவாங்கடி. எனக்குத் தப்பாச் சொல்ல ஆள் வேணும்.”

சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. முத்திரையை மேசையில் வைத்துவிட்டு அவள் பின்னால் போனேன்.